கலங்கிய குழாய் எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை

கேள்வி: "டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 27. கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது, குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கிறோம். என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், சின்ன வயதிலிருந்தே சிக்கிள் செல் நோயால் கஷ்டப்படுகிறார். அதனால் நானும் என் கணவரும் டெஸ்ட் எடுத்தோம். என் ரிப்போர்ட்டில் 'சிக்கிள் சால்யுபிலிட்டி டெஸ்ட்: பாசிட்டிவ்' என்று மட்டும் இருக்கிறது. அண்ணனின் பழைய ரிப்போர்ட்டிலும் எழுத்துக்கு எழுத்து அதேதான். எனக்கு ஒரு நாளும் அவரைப் போல வலி வந்ததில்லை, ரத்தம் ஏற்றியதும் இல்லை. எனக்கும் அதே நோயா? என் கணவருக்கு நெகட்டிவ். அப்படியென்றால் குழந்தைக்குப் பயமில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?"

பதில்:

வணக்கம். முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்விக்கு வருகிறேன். 27 வயதுவரை வலி இல்லாமல், ரத்தம் ஏற்றாமல் இருந்திருக்கிறீர்கள் என்பதை வைத்துப் பார்த்தால், நீங்கள் நோயாளியாக இல்லாமல் அந்த மரபணுவில் ஒன்றை மட்டும் சுமப்பவராக, அதாவது 'டிரெய்ட்' ஆக இருக்கவே வாய்ப்பு மிக அதிகம். ஆனால் இதை நான் உங்கள் உடல்நிலையை வைத்துத்தான் சொல்கிறேன். உங்கள் கையில் இருக்கும் ரிப்போர்ட் அதைச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. இரண்டாவது கேள்விக்குப் பதில்: இல்லை, கணவரின் நெகட்டிவை வைத்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

சால்யுபிலிட்டி டெஸ்ட் என்ற இந்தக் கரைதிறன் சோதனையை நான் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். ஒவ்வொரு முறையும் சோதனைக்கு வந்தவரின் குழாயோடு இன்னும் இரண்டு குழாய்கள் வைப்போம். ஒன்று நெகட்டிவ் கன்ட்ரோல், இன்னொன்று பாசிட்டிவ் கன்ட்ரோல். பாசிட்டிவ் கன்ட்ரோலில் யாருடைய ரத்தம் இருக்க வேண்டும் தெரியுமா? சிக்கிள் நோயாளியுடையது இல்லை, டிரெய்ட் உள்ள ஒருவருடையது. நோயாளியின் ரத்தத்தில் எஸ் என்ற சிக்கிள் ஹீமோகுளோபின் நிறைய இருப்பதால், குழாயில் உள்ள சோதனை மருந்து வீரியம் குறைந்திருந்தாலும் அது கலங்கிவிடலாம். டிரெய்ட் ரத்தமே கலங்கினால்தான் மருந்து சரியாக வேலை செய்கிறது என்று நம்பலாம். ஆக 'பாசிட்டிவ் என்றால் இப்படித்தான் இருக்கும்' என்று ஆய்வகம் தனக்குத் தானே காட்டிக்கொள்ளும் மாதிரியே உங்களைப் போன்ற ஒருவரின் ரத்தம்தான். உங்கள் ரிப்போர்ட்டிலும் அண்ணனின் ரிப்போர்ட்டிலும் ஒரே சொல் இருப்பதற்குக் காரணம் அங்கேயே தொடங்குகிறது.

இனி அந்தக் குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

விரல் நீளக் கண்ணாடிக் குழாயில் 2 மில்லிலிட்டர் மருந்து இருக்கும். அதில் நாங்கள் விடுவது வெறும் 20 மைக்ரோலிட்டர் ரத்தம், ஒரு சொட்டில் பாதிகூட இல்லை. அந்த மருந்தில் மூன்று பொருள்கள் முக்கியம். சப்போனின் என்பது சோப்பு போன்றது. சிவப்பணுக்களின் சவ்வை உடைத்து, உள்ளே இருக்கும் ஹீமோகுளோபினை வெளியே கொட்டச் செய்யும். சோடியம் டைதயோனைட் ஆக்சிஜனை விடாமல் பிடுங்கிக்கொள்ளும். மூன்றாவது, மிகவும் அடர்த்தியான பாஸ்பேட் உப்புக் கரைசல்.

சாதாரண ஹீமோகுளோபினுக்கு ஏ என்று பெயர். சிக்கிள் மரபணுவால் உருவாவது எஸ். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மிகச் சிறியது. ஹீமோகுளோபினின் ஒரு பகுதியான பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். எஸ்-இல் அந்த இடத்தில் வேலின் உட்கார்ந்திருக்கிறது. குளூட்டாமிக் அமிலம் தண்ணீரோடு ஒட்டி உறவாடும், வேலின் தண்ணீரை விட்டு விலகி ஒதுங்கப் பார்க்கும். ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் இருக்கும்வரை இதனால் பெரிய தொல்லை இல்லை. ஆக்சிஜன் போனதும் மூலக்கூறின் வடிவம் சற்றுத் திரும்புகிறது. அப்போது பக்கத்து மூலக்கூறில் ஒரு பள்ளம் திறக்கிறது, இந்த வேலின் அதில் போய்ப் பொருந்திக்கொள்கிறது. ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டு நீண்ட இழைகளாகின்றன. சிவப்பணு அரிவாள் போல வளைவது இந்த இழைகளால்தான். ஆக்சிஜன் இழந்த எஸ் கரையும் திறனில் மிகவும் குறைந்தது என்பதைப் பெருட்ஸ், மிட்சிசன் என்ற ஆய்வாளர்கள் 1950-இல் காட்டினார்கள். இந்தச் சோதனை நிற்பது அந்த ஒரே குணத்தின் மேல்தான்.

குழாயில் டைதயோனைட் ஆக்சிஜனை எடுத்துவிடுகிறது. எஸ் இருந்தால் அது கரைசலில் நிற்க முடியாமல் நுண்ணிய துகள்களாகப் பிரிகிறது. துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் திரவம் கலங்கித் தெரியும். ஏ மட்டும் இருந்தால் அது கரைந்தே கிடக்கும், திரவம் தெளிந்த செம்மையாக இருக்கும். ஐந்து நிமிடம் பொறுத்து, மெல்லிய கறுப்புக் கோடுகள் போட்ட வெள்ளை அட்டைக்கு முன்னால், ஓர் அங்குல இடைவெளியில் குழாயைப் பிடித்துப் பார்ப்போம். நெகட்டிவ் என்றால் ஒவ்வொரு கோடும் செந்நிறத் திரவத்துக்கு அப்பால் கூர்மையாகத் தெரியும். பாசிட்டிவ் என்றால் கோடுகள் இருந்த இடமே தெரியாது, பழச்சாறு போல ஒரு மங்கல் மட்டுமே இருக்கும். பக்கத்தில் நிற்கும் பயிற்சி மாணவர்களிடம் நான் எப்போதும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கோடு தெரிகிறதா, தெரியவில்லையா? அவ்வளவுதான் சொல்லுங்கள். எவ்வளவு தெரியவில்லை என்று சொல்லாதீர்கள்." ஒரு முறை மறைந்த கோடு அதற்கு மேல் மறைய வழியில்லை. நோய்க்கும் டிரெய்ட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே தேட முடியாததற்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. உங்கள் மனதில் இருக்கும் கேள்வியே அதுதான்: என் ரத்தமும் அண்ணன் ரத்தமும் குழாயில் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன என்றால், உடம்பில் மட்டும் ஏன் வேறு மாதிரி?

சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறது, லிட்டருக்குச் சுமார் 340 கிராம். நோயாளியின் அணுவில் அதில் பெரும்பங்கு எஸ். உங்களைப் போன்றவர்களின் அணுவில் 35 முதல் 40 விழுக்காடுதான் எஸ், மீதி பெரும்பாலும் ஏ. ஏ-க்கும் எஸ்-க்கும் இடையே உருவாகும் கலப்பு மூலக்கூறுகளும் இழையில் அவ்வளவு எளிதாகச் சேர்வதில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். ஆக்சிஜன் போன அந்தக் கணத்திலேயே இழை கோத்துவிடாது, தொடங்கச் சற்று நேரம் பிடிக்கும். எஸ்-இன் அடர்த்தி கொஞ்சம் குறைந்தாலே அந்தக் காத்திருப்பு பல மடங்கு நீண்டுவிடும். நுண்ணிய ரத்தக் குழாயைச் சிவப்பணு சில விநாடிகளில் கடந்து நுரையீரலுக்குத் திரும்பி, மறுபடியும் ஆக்சிஜனை ஏற்றிக்கொள்கிறது. உங்கள் ரத்தத்தில் இழை தொடங்குவதற்குள் அணு வீடு திரும்பிவிடுகிறது. உடம்பிலும் ஆக்சிஜன் ஒருபோதும் முழுதாகக் காலியாவதில்லை. சிறுநீரகத்தின் உட்பகுதி போன்ற, ஆக்சிஜன் குறைவாகவும் உப்பு அதிகமாகவும் உள்ள ஓரிரு இடங்களில்தான் டிரெய்ட் உள்ளவருக்குச் சில சமயம் தொல்லை வரும். சிலருக்குச் சிறுநீரில் ரத்தம் தெரிவது அதனால்தான்.

இப்போது குழாயைப் பாருங்கள். அங்கே ஹீமோகுளோபின் லிட்டருக்கு ஒன்றரை கிராம்கூடத் தேறாது. சிவப்பணுவுக்குள் இருப்பதில் இருநூறில் ஒரு பங்குக்கும் கீழே. வெறும் தண்ணீரில் இவ்வளவு நீர்த்த நிலையில் எஸ் ஒருபோதும் பிரியாது. அதற்காகத்தான் அந்த அடர்த்தியான பாஸ்பேட். அது தண்ணீரைத் தன்பால் இழுத்துக்கொண்டு, எஸ் கரைந்து நிற்க இடமில்லாமல் செய்கிறது. கூடவே டைதயோனைட் ஆக்சிஜனைக் கடைசிச் சொட்டுவரை பிடுங்குகிறது. நேரமும் தாராளமாக ஐந்து நிமிடம். உங்கள் உடம்பில் எஸ்-ஐக் கட்டுக்குள் வைத்திருக்கும் மூன்று பாதுகாப்புகளும் (மீதமிருக்கும் ஆக்சிஜன், குறைந்த நேரம், கூட இருக்கும் ஏ-இன் உதவி) இங்கே பறிக்கப்படுகின்றன அல்லது பலமிழக்கின்றன. ஒரு சிறு அளவு எஸ் இருந்தால்கூட விடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தச் சோதனையையே இப்படி அமைத்தார்கள். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு எஸ் இருந்தாலே கோடுகள் மறைந்துவிடும், பல நேரம் அதற்குக் குறைவாக இருந்தாலும் மறையும். அவ்வளவு கூர்மையாக்கியதற்கு நாம் கொடுத்த விலை, நாற்பதையும் தொண்ணூறையும் அது வேறுபடுத்தாது என்பது.

சரி, அளவு தெரியாவிட்டாலும் கலங்கலின் கனத்தை வைத்தாவது ஊகிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கு மூன்று பேரின் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், அமைதியாகப் படியுங்கள்.

முதலாமவர் உங்களைப் போல டிரெய்ட். ஹீமோகுளோபின் 100 மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 14 கிராம், அதில் எஸ் 38 விழுக்காடு. 20 மைக்ரோலிட்டர் ரத்தத்தில் மொத்தம் 2.8 மில்லிகிராம் ஹீமோகுளோபின் இருக்கும், அதில் எஸ் ஏறக்குறைய 1.06 மில்லிகிராம். இரண்டாமவர் நோயாளி. சிக்கிள் நோயில் சிவப்பணுக்கள் சீக்கிரம் உடைந்துபோவதால் ரத்தம் குறைந்தே இருக்கும். அவருக்கு ஹீமோகுளோபின் 7.5 கிராம், எஸ் 85 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அதே 20 மைக்ரோலிட்டரில் மொத்தம் 1.5 மில்லிகிராம் ஹீமோகுளோபின், அதில் எஸ் 1.28 மில்லிகிராம். ஒருவருக்கு 38, இன்னொருவருக்கு 85 என்று மலைக்கும் மடுவுக்கும் உள்ள விகித வித்தியாசம் குழாய்க்குள் 1.06-க்கும் 1.28-க்கும் உள்ள வித்தியாசமாகச் சுருங்கிவிட்டது. எந்தக் கண்ணும் இதைப் பிரித்துச் சொல்லாது.

மூன்றாமவரும் நோயாளிதான். ஆனால் பக்கவாதம் வராமல் தடுக்க ஒழுங்காக ரத்தம் ஏற்றிக்கொள்பவர். அப்படி ஏற்றும்போது எஸ்-ஐ 30 விழுக்காட்டுக்குக் கீழே வைத்திருப்பதுதான் வழக்கமான இலக்கு. அவர் ஹீமோகுளோபின் 9.5, எஸ் 30 என்றால், குழாய்க்குள் விழும் எஸ் 0.57 மில்லிகிராம் மட்டுமே. அதாவது கடுமையான நோய் உள்ளவரின் குழாய், எந்த நோயும் இல்லாத முதலாமவரின் குழாயைவிட லேசாகக் கலங்கும். கலங்கலின் கனத்தைப் பார்த்து "இது டிரெய்ட், அது நோய்" என்று சொல்லும் ஆய்வகம் இவரிடம் தலைகீழாகச் சொல்லிவிடும்.

இன்னும் ஒரு யோசனையும் உண்டு. குழாயைச் சுழற்றி, அதாவது சென்ட்ரிஃபியூஜில் ஐந்து நிமிடம் வைத்துப் பார்த்தால், பிரிந்த எஸ் மேலே ஒரு கருஞ்சிவப்புப் பட்டையாக ஒதுங்கும். கீழே உள்ள திரவம் நிறமற்று இருந்தால் எல்லாமே எஸ், அதாவது நோய். கீழே இளஞ்சிவப்பாக இருந்தால் கரைந்திருக்கும் ஹீமோகுளோபின் ஏதோ இருக்கிறது, அதாவது டிரெய்ட். இப்படிப் பிரித்துப் பார்க்க முயன்றவர்கள் 1970 வாக்கிலேயே இருந்தார்கள். கேட்பதற்கு நியாயமான வழி, நானே ஆரம்ப நாட்களில் அதில் மயங்கியிருக்கிறேன். ஆனால் அந்த இளஞ்சிவப்பு 'எஸ் அல்லாத ஏதோ ஒன்று இருக்கிறது' என்று மட்டுமே சொல்கிறது. அந்த ஏதோ ஒன்று ஏ-தான் என்று சொல்லவில்லை. ஒரு பெற்றோரிடமிருந்து எஸ்-உம் இன்னொருவரிடமிருந்து சி என்ற மாற்று ஹீமோகுளோபினும் வந்த குழந்தைக்கு எஸ்-சி நோய் வரும். சி நன்றாகக் கரையும். அந்தக் குழந்தையின் குழாயும் கீழே இளஞ்சிவப்பாகத்தான் இருக்கும், ஆனால் குழந்தை நோயாளி. ஹீமோகுளோபின் உற்பத்தியைக் குறைக்கும் பரம்பரைக் கோளாறான பீட்டா தலசீமியாவோடு சேர்ந்த சிக்கிள் நோயிலும், ஏ-இன் ஒரு பகுதி இருக்கும் வகையில், இதே கதைதான். எஃப் என்ற சிசு ஹீமோகுளோபின் அதிகமுள்ள நோயாளிக்கும், போன மாதம் ரத்தம் ஏற்றியவருக்கும் அப்படியே. சுழற்றுவதால் ஒரு நல்ல பயன் உண்டு. லேசான கலங்கலா இல்லையா என்று சந்தேகமாக இருக்கும்போது, பட்டை மேலே ஒதுங்குவதைப் பார்த்து 'எஸ் இருக்கிறது' என்று உறுதியாகச் சொல்லலாம். அதற்காகச் சுழற்றுங்கள், டிரெய்ட் என்று எழுதுவதற்காக இல்லை. இதை நான் ஆய்வகத்தில் கண்டிப்பாகவே சொல்வேன்.

ஏனென்றால் நோய் என்பதும் டிரெய்ட் என்பதும் எஸ் இருக்கிறதா என்ற கேள்விக்குள் அடங்குபவை இல்லை. எஸ்-க்குத் துணையாக இன்னொரு பக்கம் என்ன இருக்கிறது என்பதே கேள்வி. துணை ஏ என்றால் டிரெய்ட். துணை இன்னொரு எஸ், அல்லது சி, அல்லது டி-பஞ்சாப், அல்லது பீட்டா தலசீமியா மரபணு என்றால் நோய். கரைதிறன் சோதனைக்குத் துணை கண்ணுக்கே தெரியாது. கரைந்து நிற்பதெல்லாம் அதற்கு ஒன்றுதான்.

இதே காரணத்தால்தான் உங்கள் கணவரின் நெகட்டிவ் பற்றி நான் கவலைப்படுகிறேன். அவரது ரத்தத்தில் கணிசமான எஸ் இல்லை என்பதை அது சொல்கிறது, அதை நம்பலாம். ஆனால் சி, டி, பீட்டா தலசீமியா மரபணு எதையும் அது பார்க்கவே இல்லை. குழந்தைக்கு உங்களிடமிருந்து எஸ் போய், அவரிடமிருந்து அவற்றில் ஒன்று போனால், வருவது நோய்தான்.

எங்களிடம் வந்த ஒரு தம்பதியைச் சொல்கிறேன். மனைவிக்கு வேறோர் இடத்தில் எடுத்த கரைதிறன் சோதனை பாசிட்டிவ், கணவருக்கு நெகட்டிவ். "ஒருவருக்குத்தானே, பயப்பட வேண்டாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். எங்களிடம் வந்தபோது அந்தப் பெண் 11 வார கர்ப்பிணி. கணவரின் சாதாரண ரத்த எண்ணிக்கை ரிப்போர்ட்டைத்தான் நான் முதலில் கேட்டு வாங்கினேன். ஹீமோகுளோபின் 13.1, அதைப் பார்த்தால் ஆரோக்கியமானவர். ஆனால் சிவப்பணுக்களின் எண்ணிக்கை 62 லட்சம், சராசரிப் பருமன், அதாவது எம்.சி.வி., 64. வழக்கமாக 80-க்கு மேல் இருக்க வேண்டியது. அணுக்கள் எண்ணிக்கையில் நிறைய, அளவில் மிகச் சிறியவை. இரும்புச் சத்துக் குறைவில் எண்ணிக்கை இப்படி ஏறி நிற்பது அபூர்வம். ஹீமோகுளோபினை வகை வகையாகப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. சோதனையை அன்றைக்கே போட்டோம். ஏ2 என்ற ஹீமோகுளோபின் 5.3 விழுக்காடு வந்தது. 3.5-ஐத் தாண்டினாலே யோசிக்க வேண்டும். அவர் பீட்டா தலசீமியா கேரியர். மனைவியின் எச்.பி.எல்.சி.யில் ஏ 58, எஸ் 37, தெளிவான டிரெய்ட். ஆக அந்தக் கருவுக்கு நாலில் ஒரு பங்கு எந்த மரபணுவும் போகாமல் இருக்கலாம், நாலில் ஒரு பங்கு எஸ் மட்டும், நாலில் ஒரு பங்கு தலசீமியா மட்டும், நாலில் ஒரு பங்கு இரண்டும் சேர்ந்த நோய். நெகட்டிவ் என்ற ஒரு சொல் அந்த நாலில் ஒரு பங்கை மூன்று மாதம் மறைத்துவைத்திருந்தது. அந்தத் தம்பதிக்கு இன்னும் நேரம் இருந்தது, மரபணு ஆலோசனைக்கும் கரு சோதனைக்கும் அனுப்பினோம். நீங்கள் கர்ப்பத்துக்கு முன்னாலேயே கேட்டிருக்கிறீர்கள் என்பதில் எனக்கு உண்மையில் பெரிய ஆறுதல்.

கணவரின் நெகட்டிவே பொய் நெகட்டிவாக இருக்க வாய்ப்பு உண்டா என்றும் கேட்பீர்கள். டைதயோனைட் காற்றுப் பட்டால் வீரியம் இழக்கும், பழைய மருந்தில் எஸ் இருந்தும் குழாய் தெளிவாக நிற்கும். அன்றைய டிரெய்ட் கன்ட்ரோல் கலங்கியதா என்று பார்த்திருந்தால் அந்தத் தவறு பிடிபட்டுவிடும். ரத்தச் சோகை கடுமையாக இருந்து, ஹீமோகுளோபின் 7-க்கும் கீழே போய், முழு ரத்தத்தையே விட்டிருந்தால் குழாயில் போதுமான எஸ் விழாமல் போகலாம். அதற்காகத்தான் பல ஆய்வகங்கள் அடியில் இறங்கிய சிவப்பணுக்களை மட்டும் 10 மைக்ரோலிட்டர் எடுத்து விடுகின்றன. எதிர்ப்பக்கமும் உண்டு. ரத்தத்தில் கொழுப்போ புரதமோ மிக அதிகமாக இருந்தால் எஸ் இல்லாமலே கலங்கும், பிளாஸ்மாவை நீக்கிய சிவப்பணுவை விட்டால் அதுவும் பெரும்பாலும் சரியாகும். பிற்காலத்தில் உங்கள் குழந்தைக்கும் யாராவது இந்தச் சோதனையை எழுதிக் கொடுத்தால், முதல் ஆறு மாதத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிறந்த புதிதில் ரத்தத்தில் பெரும்பாலும் எஃப்-தான், எஸ் குறைவு. நோயுள்ள குழந்தைக்குக்கூட நெகட்டிவ் வரலாம்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. நீங்கள் இருவரும் ஒரே நாளில், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. குழாயில் ரத்தம் கொடுத்து, முழு ரத்த எண்ணிக்கையும் எச்.பி.எல்.சி.யும் எடுங்கள். எச்.பி.எல்.சி. இல்லாத இடத்தில் கேப்பிலரி எலக்ட்ரோஃபோரெசிஸ் எடுத்தாலும் போதும். இவை ஹீமோகுளோபினை வகை வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எத்தனை விழுக்காடு என்று அளந்து தருபவை. கரைதிறன் சோதனையை மறுபடியும் எடுக்க வேண்டாம், அது தன் வேலையைச் செய்துவிட்டது: எஸ் இருக்கிறது என்று சொல்லிவிட்டது. இரும்புச் சத்துக் குறைவு இருந்தால் ஏ2 அளவு குறைந்து காட்டி, தலசீமியாவை மறைக்கலாம். அதனால் உங்கள் கணவருக்கு எம்.சி.வி. குறைவாக இருந்து ஏ2 இயல்பாக வந்தால், இரும்புச் சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் முதலில் ஒன்றைப் பாருங்கள்: உங்களுடையதில் ஏ பெரியதா, எஸ் பெரியதா? ரத்தம் ஏற்றாத ஒருவருக்கு ஏ 55 முதல் 60 விழுக்காடும் எஸ் 35 முதல் 40-உம் இருந்தால் அது டிரெய்ட். எஸ் 25 அல்லது 30 என்று இன்னும் குறைந்திருந்தாலும் பயப்பட வேண்டாம். கூடவே ஆல்ஃபா தலசீமியா மரபணு இருப்பவர்களுக்கும் இரும்புச் சத்துக் குறைந்தவர்களுக்கும் அப்படி இறங்கும். ஆனால் எஸ், ஏ-ஐவிட அதிகமாக இருந்தால் அது டிரெய்ட் இல்லை. ஏ கொஞ்சம் இருக்கிறது என்பதற்காக யாராவது 'டிரெய்ட்' என்று எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். சிக்கிளோடு தலசீமியா சேர்ந்த லேசான வகையில் அப்படி வரும், சிலருக்கு இருபது வயதைத் தாண்டியும் பெரிய வலி இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். இதனால்தான் தொடக்கத்தில் 'வாய்ப்பு மிக அதிகம்' என்று சொன்னேன், 'உறுதி' என்று சொல்லவில்லை.

அண்ணனின் எச்.பி.எல்.சி. ரிப்போர்ட் பழையது ஏதாவது வீட்டில் இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள், அவருக்கு ரத்தம் ஏற்றத் தொடங்குவதற்கு முன்னால் எடுத்ததாக இருந்தால் மிகவும் நல்லது. ரத்தம் ஏற்றிய பிறகு எடுத்ததில் ஏ 65, எஸ் 30 என்று உங்களுடையதைப் போலவே காட்டி, மறுபடியும் குழப்பத்தில் தள்ளும். அந்த ஏ அவருடையது இல்லை, ரத்தம் கொடுத்தவருடையது. அவருக்கு இருப்பது இரண்டு எஸ்-ஆ, எஸ்-உம் தலசீமியாவுமா என்று தெரிந்தால், உங்கள் அப்பா வழிக் குடும்பத்தில் என்னென்ன மரபணுக்கள் ஓடுகின்றன என்பது தெளிவாகும். உங்கள் தம்பி தங்கைகளுக்கும் அது உதவும்.

எச்.பி.எல்.சி.க்குக் கொடுக்கும் படிவத்தில், 'சிக்கிள் சால்யுபிலிட்டி பாசிட்டிவ், நான்கு மாதத்துக்குள் ரத்தம் ஏற்றவில்லை, கர்ப்பத்துக்கு முன்பான தம்பதி பரிசோதனை' என்று மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். இடையில் மாதவிலக்கு தள்ளிப்போனால், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளாமல் அந்த வாரமே இருவரும் ரத்தம் கொடுத்துவிடுங்கள்.